சொற்பொழிவைப் பேட்டிக் கட்டுரையாக எழுதுவது எப்படி?



நமது சங்கக் கூட்டங்களுக்கு ஆடிட்டர், உணவுப் பாதுகாப்பு அலுவலர், வங்கி மேலாளர் என்று பலர் வந்து பேசுகிறார்கள். முன்பெல்லாம் ஒரு தாளில் நான்கு வரி குறித்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். இப்போது கம்ப்யூட்டரில் ஸ்லைடு தயாரித்து வந்து, திரையில் காட்டிப் பேசுகிறார்கள். கடையை விட்டு வர முடியாத உறுப்பினர்களுக்காக அந்தப் பேச்சை நாம் இதழில் வெளியிடுகிறோம். அப்படி வெளியிடும்போது நான் செய்த ஒரு தவறையும், அதிலிருந்து கற்றுக்கொண்ட முறையையும் இங்கே எழுதுகிறேன். கிளைச் சங்கங்களிலிருந்து நிகழ்ச்சிக் குறிப்பு எழுதி அனுப்பும் அன்பர்களுக்கு இது பயன்படும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடிட்டர் ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு பற்றிப் பேசினார். கூட்டம் முடிந்ததும் அவருடைய ஸ்லைடுகளை வாங்கி, முக்கிய வரிகளை அப்படியே எடுத்து எண் போட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். வேலையும் சீக்கிரம் முடிந்தது. அதில் ஒரு வரி இது: "180 நாளில் பணம் தராவிட்டால் எடுத்த வரவைத் திருப்ப வேண்டும்." தவறில்லாத வரிதான்.

அதைப் படித்த ஒரு சிறு கடைக்காரர், தாம் பணம் தராமல் வைத்திருந்த ஒரு பில்லுக்கு எடுத்த 18,000 ரூபாய் வரவை வட்டியுடன் திருப்பிக் கட்டினார். பிறகு ஏழாம் மாதத்தில் மொத்த வியாபாரிக்குப் பணத்தையும் கொடுத்துவிட்டார். ஆனால் திருப்பிய வரவை மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை. போனது போனதுதான் என்று இருந்துவிட்டார். பின்னொரு நாள் என் கடைக்கு வந்தபோது, "அண்ணாச்சி, நீங்க புத்தகத்துல போட்டதைப் பார்த்துதான் கட்டினேன். பதினெட்டாயிரம் போச்சு" என்றார்.

ஆடிட்டர் அன்று கூட்டத்தில் அதை வாயால் சொல்லியிருக்கிறார். முன் வரிசையில் இருந்த எனக்கும் கேட்டது. ஸ்லைடில் மட்டும் இல்லை. நான் ஸ்லைடைத்தான் அச்சிட்டேன்.

ஸ்லைடு என்பது பேசுகிறவர் தமக்கு வைத்துக்கொள்ளும் நினைவுச் சிட்டை. நம் கடைச் சிட்டையில் "முத்து - 40 - பாக்கி" என்று எழுதினால் நமக்குப் புரியும், மற்றவனுக்குப் புரியாது. அதைப் போலத்தான் இதுவும். ஸ்லைடுக்கும் ஸ்லைடுக்கும் இடையில் அவர் வாயால் சொல்வதில்தான் நமக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது. அதை வெளியே கொண்டுவரும் வழி கேள்வி கேட்பது. ஆகவே அதே ஆடிட்டரிடம் மறுபடி போய், அவருடைய ஸ்லைடுகளை வைத்தே கேள்வி தயாரித்து, பேட்டிக் கட்டுரையாக எழுதினேன். செய்த விதத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

ஸ்லைடுகளைப் பிரித்தல்

முதலில் ஸ்லைடுகளைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றைப் பயன்படுத்தப் பேச்சாளரின் அனுமதியையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். அவர் கொடுத்தவை 22 ஸ்லைடுகள். சரக்கு வந்தால் ரகம் பிரிப்பது போல மேசையில் பரப்பிப் பிரித்தேன். தலைப்பு, நன்றி, அவர் அலுவலக அறிமுகம் இவை 3. சட்டப் பிரிவுகளை எடுத்துப் போட்டவை 6. கொள்முதல் பில் 2பி படிவத்தில் தெரிய வேண்டும் என்பது பற்றி 5. 180 நாள் விதி பற்றி 4. வரவு எடுக்கக் கடைசித் தேதி பற்றி 2. தொகுப்புரை 2.

இப்படிப் பிரித்ததும் பேச்சின் எலும்புக்கூடு தெரிந்துவிடும். 22 ஸ்லைடு இருந்தாலும் விஷயம் மூன்றுதான். பேட்டிக்கு இந்த மூன்றே போதும். ஸ்லைடுக்கு ஒரு கேள்வி என்று 22 கேள்வி போட்டால் படிப்பவர் ஐந்தாவது கேள்வியோடு பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

அடுத்து, ஒவ்வொரு கட்டுக்கும் அதன் சாரத்தை நம் சொந்த வார்த்தையில் ஒரே வாக்கியமாக எழுதிப் பார்க்க வேண்டும். 2பி கட்டுக்கு நான் எழுதியது: "நாம் வாங்கிய சரக்கின் பில்லை விற்றவர் தம் கணக்கில் ஏற்றி, அது நம் 2பி படிவத்தில் வந்தால்தான் அந்த வரியை நாம் வரவு வைக்கலாம்." எழுத முடிந்தது. 180 நாள் கட்டுக்கு எழுத உட்கார்ந்தபோது பேனா நின்றுவிட்டது. எந்த நாளிலிருந்து 180? பாதிப் பணம் கொடுத்திருந்தால்? பிறகு கொடுத்தால்? நான்கு ஸ்லைடிலும் தேடினேன், பதில் இல்லை. பேனா எங்கே நிற்கிறதோ அங்கேதான் கேள்வி இருக்கிறது.

கேள்வி அமைத்தல்

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்லைடின் தலைப்பையே கேள்வியாக்கிவிடுகிறார்கள். "180 நாள் விதி பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், அவர் ஸ்லைடில் உள்ளதையே இன்னொரு முறை சொல்வார். நாம் ஏறிய படியிலேயே நிற்போம்.

நான் ஒவ்வொரு கட்டுக்கும் நான்கு சின்னக் கேள்விகளைப் போட்டுப் பார்த்தேன். இது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது? எந்த நாளிலிருந்து கணக்கு? எவ்வளவு தொகை? நடக்காவிட்டால் என்ன, பிறகு சரிசெய்ய வழி உண்டா? இந்த நான்கில் ஸ்லைடு எதற்குப் பதில் சொல்லவில்லையோ அதை மட்டும் கேள்வியாக எழுதினேன். நான் முன்பு செய்த தவறு நான்காவதில் இருந்தது. "சரிசெய்ய வழி உண்டா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் கடைக்காரர் தம் வரவை அப்போதே எடுத்திருப்பார்.

2பி கட்டில் "யாருக்கு" என்ற கேள்வி உதவியது. ஸ்லைடில் விற்பவர் மாதாமாதம் படிவம் போடுபவர் என்றே இருந்தது. நம்மில் பலர் மூன்று மாதத்திற்கு ஒரு முறை படிவம் போடும் சிறு வியாபாரிகளிடம் வாங்குகிறோம். அவர்களுடைய பில் நமக்கு எப்போது தெரியும்? இதை எழுதிக்கொண்டேன்.

பிறகு வரிசை. ஆடிட்டர் சட்டப் பிரிவில் தொடங்கி, நடுவில் படிவத்துக்கு வந்து, கடைசியில் தேதிக்குப் போனார். கடைக்காரருக்கு அந்த வரிசை ஒத்துவராது. சரக்கு வருகிறது, பில் வருகிறது, மாதம் முடிகிறது, பணம் கொடுக்கிறோம், வருடம் முடிகிறது. அந்த வரிசையிலேயே கேள்விகளை அடுக்கினேன். சட்டப் பிரிவு ஸ்லைடுகள் ஆறுக்கும் தனிக் கேள்வி போடவில்லை. பதிலில் வேண்டிய இடத்தில் அவரே பிரிவைச் சொல்லிவிடுவார்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஸ்லைடு எந்தத் தேதியில் தயாரித்தது என்று பார்க்க வேண்டும். அவருடைய ஒரு ஸ்லைடில், 2பி படிவத்தில் தெரியாத பில்களுக்கும் 5 சதவீதம் வரை கூடுதலாக வரவு எடுக்கலாம் என்று இருந்தது. அந்தச் சலுகை 2022 ஜனவரி 1 முதல் கிடையாது. பழைய கூட்டத்திற்குத் தயாரித்த ஸ்லைடு கலந்துவிட்டது. ஒரு ஸ்லைடு சொல்வதை இன்னொரு ஸ்லைடு மறுத்தால், இரண்டில் ஒன்று பழையது என்று சந்தேகப்பட வேண்டும். நேரில் கேட்டபோது அவரே, "அதை எடுக்க மறந்துவிட்டேன்" என்றார்.

நேரில் உட்காருதல்

முக்கியக் கேள்விகளை மூன்று நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டேன். அவர் புத்தகத்தைப் பார்த்துத் தயாராக அது உதவும். உடன்கேள்விகளை அனுப்பவில்லை. அனுப்பினால் பதிலை எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். எழுதிய பதிலில் சட்டப் புத்தகத்தின் வாடைதான் வரும்.

அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொண்டேன். எண்ணும் தேதியும் வரும்போது மட்டும் கையாலும் குறித்தேன். பதிவில் "பதினைந்தும்" "பதினெட்டும்" சில சமயம் ஒன்றுபோலவே கேட்கும்.

பேட்டி சரியாகப் போகிறதா என்று கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. பதிலில் ஸ்லைடில் உள்ள சொற்களே திரும்ப வந்தால், அவர் ஸ்லைடை ஒப்பிக்கிறார் என்று பொருள். அந்த நேரத்தில் நான் சொன்னது ஒன்றுதான்: "சார், ஒரு பில்லை வைத்துச் சொல்லுங்கள்." உடனே அவர் பேச்சு மாறிவிட்டது. காகிதத்தை இழுத்து எழுதிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு விஷயமும் முடியும்போது, எனக்குப் புரிந்ததை நானே திருப்பிச் சொன்னேன். இரண்டு இடத்தில் அவர் திருத்தினார். அந்த இரண்டும் அப்படியே அச்சில் போயிருந்தால் மறுபடி யாராவது என் கடை வாசலுக்கு வந்திருப்பார்கள்.

எழுதுதல்

பதிவில் உள்ளதை வார்த்தைக்கு வார்த்தை இறக்கி எழுதினால் படிக்க முடியாது. சுருக்கலாம், ஒரே விஷயம் இரண்டு இடத்தில் வந்திருந்தால் ஒன்றாகச் சேர்க்கலாம், வரிசையை மாற்றலாம். பொருளை மாற்றக்கூடாது. அவர் "பொதுவாக" என்று சொன்னதை "எப்போதும்" என்று எழுதக்கூடாது. ஸ்லைடில் மட்டும் இருந்து அவர் வாயால் சொல்லாததை அவர் பதிலாகப் போடக்கூடாது. வேண்டுமானால் அவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். கேள்வி இரண்டு வரிக்குள் இருக்க வேண்டும். கேள்வி கேட்கிறவர் தம் அறிவைக் காட்டுவதற்கு அது இடமில்லை.

180 நாள் பற்றிய பகுதி கடைசியில் இப்படி அமைந்தது. முன்பு நான் அச்சிட்ட அந்த ஒற்றை வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: கடனுக்கு வாங்கிய சரக்குக்குப் பணம் கொடுக்கத் தாமதமானால் வரி வரவு என்ன ஆகும்? எந்த நாளிலிருந்து கணக்கு?

பதில்: பில் போட்ட தேதியிலிருந்து கணக்கு. சரக்கு உங்கள் கடைக்கு வந்த தேதி இல்லை. ஏப்ரல் 10 தேதியிட்ட பில் என்றால் அக்டோபர் 7 அன்று 180 நாள் முடிகிறது. அதற்குள் சரக்கின் விலையையும் வரியையும் சேர்த்து விற்றவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எடுத்த வரவை வட்டியுடன் திருப்ப வேண்டும்.

கேள்வி: ஒரு பில்லை வைத்துச் சொல்ல முடியுமா? பாதிப் பணம் கொடுத்திருந்தால்?

பதில்: சரக்கு 1,00,000 ரூபாய், 18 சதவீத வரி 18,000, ஆக பில் 1,18,000. அக்டோபர் 7 வரை 59,000 கொடுத்திருக்கிறீர்கள் என்றால் பாதி பாக்கி. பாதி வரவை, அதாவது 9,000 ரூபாயை மட்டும் திருப்பினால் போதும். ஒன்றுமே கொடுக்கவில்லை என்றால் 18,000 முழுவதும் திருப்ப வேண்டும்.

கேள்வி: நவம்பரில் பாக்கியைத் தீர்த்துவிட்டால், திருப்பிய வரவு போனதுதானா?

பதில்: போகாது. பணம் கொடுத்த பிறகு அதே வரவை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். புதிதாக வரவு எடுப்பதற்கு, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 அல்லது ஆண்டுப் படிவம் போட்ட நாள், இரண்டில் எது முந்தியதோ அதுவே கெடு. ஒருமுறை எடுத்துத் திருப்பிய வரவை மறுபடி எடுக்க அந்தக் கெடு கிடையாது. ஆனால் கட்டிய வட்டி திரும்ப வராது.

கேள்வி: படிவத்தில் எங்கே காட்டுவது?

பதில்: 3பி படிவத்தில் திருப்பும்போது 4(பி)(2) என்ற இடத்தில் காட்டுங்கள். அதற்கு மேலே உள்ள 4(பி)(1) நிரந்தரமாகக் கைவிடும் வரவுக்கானது. மறுபடி எடுக்கும்போது 4(ஏ)(5)-இல் சேர்த்து, 4(டி)(1)-இலும் காட்ட வேண்டும்.

முதல் கேள்வி ஸ்லைடிலிருந்து வந்தது. இரண்டாவது "எவ்வளவு" என்பதிலிருந்தும், மூன்றாவது "சரிசெய்ய வழி உண்டா" என்பதிலிருந்தும் வந்தன. நான்காவது நான் எழுதி வைத்திராதது. மூன்றாவது பதிலைக் கேட்டதும் ஒரு கடைக்காரர் அடுத்து என்ன கேட்பாரோ அதைக் கேட்டேன். நல்ல உடன்கேள்வி அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

2பி பற்றி நான் எழுதி வைத்த கேள்விக்கும் பயனுள்ள பதில் வந்தது. மூன்று மாதத்திற்கு ஒரு முறை படிவம் போடும் வியாபாரியும், காலாண்டின் முதல் இரண்டு மாதங்களின் பில்களை அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் ஏற்றலாம். அப்படி ஏற்றினால் 14-ஆம் தேதி நம் 2பி படிவத்தில் வந்துவிடும். ஏற்றாவிட்டால் காலாண்டு முடியும் வரை நாம் காத்திருக்க வேண்டும் என்றார். ஆகவே அப்படிப்பட்டவரிடம் வாங்கும்போதே, மாதாமாதம் பில் ஏற்றுவீர்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஸ்லைடில் இது ஒரு வரியாகக்கூட இல்லை.

திருப்பிக் காட்டுதல்

எழுதி முடித்ததும் கட்டுரையைப் பேச்சாளரிடம் காட்டியே ஆக வேண்டும். எண், தேதி, சட்டம் இவற்றில் அவர் சொல்லும் திருத்தம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளலாம். "கொடுக்க வேண்டும்" என்பதை "வழங்கப்படுதல் வேண்டும்" என்று மாற்றச் சொன்னால், உறுப்பினர்களுக்குப் புரியாது என்று பணிவாகச் சொல்லிவிடலாம். அலுவலக அறிமுக ஸ்லைடில் உள்ள விளம்பர வரிகளைச் சேர்க்கச் சொன்னாலும் அப்படியே. பேட்டியின் மேலே அவர் யார் என்று இரண்டு வரி போதும்.

பிறகு, கூட்டத்திற்கு வராத ஒரு கடைக்காரரிடம் படிக்கக் கொடுங்கள். படித்து முடித்ததும், "இப்போ நீங்க என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வது சரியாக இருந்தால் கட்டுரை சரி. நான் கொடுத்தவர் அக்டோபர் 7 என்பதை எல்லாப் பில்லுக்கும் பொதுவான கெடு என்று நினைத்துவிட்டார். அதனால் அந்தப் பதிலுக்குக் கீழே, ஒவ்வொரு பில்லுக்கும் அதன் தேதியிலிருந்து தனித்தனியாக எண்ண வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன்.

கட்டுரையின் அடியில் பேட்டி எடுத்த மாதத்தையும் ஆண்டையும் போடுவது அவசியம். விதிகள் மாறுகின்றன. நம் இதழைக் கல்லாப்பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்து மூன்று வருடம் கழித்து எடுத்துப் பார்க்கிறவர்களும் உண்டு.

எல்லாப் பேச்சுக்கும் இந்த முறை ஒத்துவராது. ஸ்லைடில் இருப்பது முழுவதும் வரி விகிதப் பட்டியல் என்றால், பட்டியலையே சரிபார்த்து அச்சிடுவது மேல். கேள்வி பதிலில் விகிதங்களைத் தேடிப் பிடிப்பது படிப்பவருக்குக் கஷ்டம். விஷயத்தில் இரண்டு கட்சி இருந்தாலும், ஒருவரை மட்டும் பேட்டி கண்டால் ஒரு பக்கம்தான் வரும். அப்போது மற்றவரையும் கேட்க வேண்டும்.

அந்தக் கடைக்காரர் நல்லவேளையாக 4(பி)(2)-இல்தான் காட்டியிருந்தார். பேட்டி வெளிவந்த மாதமே தம் கணக்கரிடம் இதழைக் கொடுத்து, அந்த 18,000 ரூபாய் வரவை மறுபடி எடுத்துக்கொண்டார். கட்டிய வட்டி மட்டும் திரும்பவில்லை. "வட்டியை உங்க கணக்குல எழுதிக்கவா, அண்ணாச்சி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அடுத்த முறை கூட்டத்திற்கு யார் வந்து பேசினாலும் ஸ்லைடை வாங்குவதோடு நிறுத்த மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.